"எங்கள் பங்கு எவ்வளவு?": கேள்வியில் விடுபடக் கூடாத ஒன்று

(டிரஸ்டின் மாதாந்திரக் குடும்ப வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வீட்டில் ஒருவர் வஃபாத்தான பிறகு அவர் விட்டுச் சென்றதை எப்படிப் பிரிப்பது என்று கேட்டு, நம் வழிகாட்டல் மேசைக்குப் பலர் வருகிறார்கள். வந்ததை நாங்கள் எழுதி வாங்கி ஹழ்ரத்திடம் கொடுக்கிறோம். அவர் ஃபராயிள் கணக்குப்படி பாகம் பிரித்துத் தருகிறார். இன்று கணக்கு போடுவதைப் பற்றிப் பேசப்போவதில்லை. அது ஆலிம்களின் வேலை. அவர்களிடம் போய்ச் சேரும் கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

சரியாக அமையாத கேள்விகள் இரண்டு வகை. ஒன்று, என்ன வேண்டும் என்று தெளிவில்லாத கேள்வி. மற்றொன்று, என்ன வேண்டும் என்பது தெளிவாக இருந்தும், பதில் சொல்லத் தேவையான முக்கிய விவரம் விடுபட்டுப் போன கேள்வி. இரண்டையும் நாம் ஒன்றாக நினைத்து, "விவரம் பத்தாது, சரியாக எழுதிக்கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுகிறோம். ஆனால் இரண்டும் வேறு. முதலாவது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. இரண்டாவதில் ஒருவருடைய ஹக்கே காணாமல் போய்விடும்.

இரண்டு கடிதங்களை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இவை நாமே அமைத்துக்கொண்ட உதாரணங்கள். எந்தக் குடும்பத்தையும் குறிப்பவை அல்ல.

முதல் கடிதம்: "எங்கள் அத்தா சென்ற ஆண்டு ரஜப் மாதம் மவ்த்தாகிவிட்டார்கள். அம்மா இருக்கிறார்கள். நான் ஒரே மகன். எனக்கு இரண்டு தங்கைகள். அத்தாவைப் பெற்ற பாட்டியம்மா சாச்சா வீட்டில் இருக்கிறார்கள். தாத்தா முன்பே மவ்த். ஒரு வீடும் ஒரு கடையும் இருக்கின்றன. கடனெல்லாம் போக 24 லட்சம் தேறும். அத்தா போனதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. நீங்கள்தான் ஒரு நல்ல வழி சொல்ல வேண்டும்."

இரண்டாவது கடிதம்: "எங்கள் தகப்பனார் மவ்த்தாகிவிட்டார். கடன் போக மீதம் 24 லட்சம். மனைவி ஒருவர், மகன் ஒருவர், மகள்கள் இருவர். ஒவ்வொருவருக்கும் எத்தனை ரூபாய் என்று தனித்தனியே எழுதித் தரவும். திங்கட்கிழமை பத்திரப் பதிவு."

எது நல்ல கடிதம் என்று கேட்டால் இரண்டாவது என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். கேள்வி நறுக்கென்று இருக்கிறது. தொகை இருக்கிறது, ஆட்களின் எண்ணிக்கை இருக்கிறது, நாளும் குறித்தாகிவிட்டது. முதல் கடிதமோ கடைசியில் "நல்ல வழி" என்று பொத்தாம்பொதுவாக முடிகிறது. எந்த வழி? பங்கைச் சொல்ல வேண்டுமா? வீட்டை விற்கலாமா என்று கேட்கிறாரா? தங்கைகளோடு பேசி வைக்கச் சொல்கிறாரா? ஒன்றும் புரியவில்லை.

ஆனாலும் முதல் கடிதத்தை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடலாம். பங்கைக் கணக்கிடத் தேவையானது எல்லாம் அதில் இருக்கிறது. எந்த வழியில் போவதானாலும் முதலில் யாருக்கு எவ்வளவு என்பது தெரிய வேண்டும். எனவே ஹழ்ரத் அதைப் போட்டுத் தந்துவிடுவார். பிறகு நாங்கள் அந்தச் சகோதரரிடம் சொல்வோம்: "தம்பி, பங்கு இப்படி வருகிறது. இனி மூன்று வழி உண்டு. சொத்தை விற்றுப் பணமாகப் பிரிக்கலாம். அல்லது வீட்டை நீங்கள் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு அவர்கள் பங்கைப் பணமாகக் கொடுக்கலாம். அல்லது எல்லோர் பெயரிலும் பொதுவாக வைத்துக் கடை வாடகையைப் பங்குப்படி பிரித்துக்கொள்ளலாம். உங்களுக்கு எது?" அவர் ஒன்றைச் சொல்லிவிடுவார். நாங்கள் தவறாக ஊகித்திருந்தாலும், "இல்லைங்க, நான் கேட்டது அதில்லை, வாடகை விஷயம்" என்று அவரே திருத்திவிடுவார். தெளிவில்லாத கேள்விக்கு நாம் சொல்லும் பதில் தவறினால், கேட்டவருக்கே அது உடனே தெரியும். அவர் மனதில் இருந்தது அவருக்குத் தெரியுமல்லவா?

இப்போது இரண்டாவது கடிதத்துக்கு வருவோம். எழுதியிருப்பதை அப்படியே வைத்துக் கணக்கிடுங்கள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. 24 லட்சத்தில் 3 லட்சம். மீதம் 21 லட்சம். இது ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற வீதத்தில் பிள்ளைகளுக்கு. மகனுக்கு 10 லட்சத்து 50 ஆயிரம். மகள்களுக்கு ஆளுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம். கூட்டிப் பாருங்கள், சரியாக 24 லட்சம் வருகிறது.

ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு கேள்விக்கு விடையே இல்லை. மவ்த்தானவரைப் பெற்ற தாய் ஹயாத்தாக இருக்கிறாரா? பிள்ளைகளை விட்டுச் சென்ற ஒருவரின் தாய்க்கு ஆறில் ஒரு பங்கு உண்டு. அவர் இருந்தால் கணக்கு மாறுகிறது. தாய்க்கு 4 லட்சம். மனைவிக்கு அதே 3 லட்சம். மீதம் 17 லட்சம். மகனுக்கு 8 லட்சத்து 50 ஆயிரம். மகள்களுக்கு ஆளுக்கு 4 லட்சத்து 25 ஆயிரம். இதையும் கூட்டிப் பாருங்கள். இதுவும் சரியாக 24 லட்சம்தான்.

இந்த இடத்தில்தான் எச்சரிக்கை தேவை. தாயை விட்டுவிட்டுப் போட்ட கணக்கும் சரியாகக் கூடுகிறது, தாயைச் சேர்த்துப் போட்ட கணக்கும் சரியாகக் கூடுகிறது. கணக்கைப் பார்த்து ஒருவர் விடுபட்டிருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. கேட்டவருக்கும் சந்தேகம் வராது. அவர் கேட்டது கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை பதிவும் முடிந்துவிடும். சாச்சா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயின் 4 லட்சம் ரூபாய், யாரும் கெட்ட எண்ணம் வைக்காமலேயே பிள்ளைகளின் பங்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

தெளிவில்லாத கேள்விக்குச் சொன்ன தவறான பதில் தானாகவே வெளியே தெரியும். முக்கிய விவரம் இல்லாத கேள்விக்குச் சொன்ன தவறான பதிலோ சரியான பதிலைப் போலவே இருக்கும். அதனால்தான் முதல் வகையில் ஊகித்துத் தொடங்கலாம் என்கிறோம். இரண்டாவது வகையில், கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை பேனாவை எடுக்கக் கூடாது என்கிறோம்.

சரி, தாயை எப்படி மறப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். யாரும் வேண்டுமென்று மறைப்பதில்லை. கேள்வி எழுதுகிறவர் பெரும்பாலும் மகன் அல்லது மருமகன். அவர் தன் இடத்திலிருந்து உறவைப் பார்க்கிறார். அவருக்கு அந்த அம்மையார் பாட்டி. பாட்டிக்குப் பேரனின் வீட்டில் என்ன பங்கு என்று மனம் நினைத்துக்கொள்கிறது. ஆனால் பாகம் பிரிப்பது மவ்த்தானவரின் இடத்திலிருந்து. அங்கிருந்து பார்த்தால் அவர் பாட்டியல்ல, தாய். அதேபோல் உங்களுக்குச் சாச்சாவாக இருப்பவர் அவருக்குச் சகோதரர். உங்களுக்கு மாமியாக இருப்பவர் அவருக்குச் சகோதரி. ஆகவே எழுதும்போது "எனக்கு என்ன உறவு" என்று எழுதாதீர்கள். "மவ்த்தானவருக்கு என்ன உறவு" என்று எழுதுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே விடுபடுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

அடுத்து, தேதி. "பாட்டியம்மா இப்போது இல்லை" என்று மட்டும் சொன்னால் அது போதாது. பங்கு கிடைப்பது, மவ்த்தானவரின் உயிர் பிரிந்த நேரத்தில் ஹயாத்தாக இருந்தவர்களுக்கு. மேலே சொன்ன குடும்பத்தில் பாட்டியம்மா தன் மகனுக்கு முன்பே மவ்த்தாகியிருந்தால் அவருக்குப் பங்கு இல்லை. மகன் மவ்த்தாகி 6 மாதம் கழித்து, பாகம் பிரிப்பதற்குள் அவர் மவ்த்தாகியிருந்தால், அந்த 4 லட்சம் அவருக்குச் சேர்ந்துவிட்டது. இனி அது அவருடைய சொத்து, அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அவருக்கு எஞ்சியிருப்பது அந்தச் சாச்சா ஒருவர் மட்டும் என்றால், 4 லட்சமும் சாச்சாவுக்குத்தான். உயிரோடு மகன் இருப்பதால், முன்பே போய்விட்ட மகனின் பிள்ளைகளுக்கு அதில் வாரிசுப் பங்கு இல்லை. இரண்டு நிலைமையிலும் "பாட்டியம்மா இப்போது இல்லை" என்ற வாக்கியம் உண்மைதான். ஆனால் சாச்சாவுக்கு ஒன்றில் எதுவும் இல்லை, மற்றொன்றில் 4 லட்சம். ஆகவே மவ்த்தான தேதிகளை வரிசையாக எழுதுவது அவசியம்.

மகன் இல்லாத குடும்பங்களில் இன்னும் கவனம் வேண்டும். அதே 24 லட்சம். மனைவி, இரண்டு மகள்கள், தாய் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு 3 லட்சம், தாய்க்கு 4 லட்சம், மகள்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 16 லட்சம். மொத்தம் 23 லட்சம். ஒரு லட்சம் மிஞ்சுகிறது. மவ்த்தானவரின் தகப்பனார் இல்லை, உடன்பிறந்த சகோதரர் ஒருவர் மட்டும் இருக்கிறார் என்றால் அது அவருக்கு. இங்கே கணக்கே நம்மைக் கேட்கவைக்கிறது: மிஞ்சியது யாருக்கு? விடுபட்டது இப்படித் தானாகவே தெரிந்தால் நல்லது. மகன் இருக்கும் குடும்பத்தில் அப்படித் தெரியாது. மிச்சம் முழுவதையும் பிள்ளைகள் எடுத்துக்கொள்வதால் எங்கேயும் ஓட்டை தென்படாது.

அதே குடும்பத்தில் தகப்பனாரும் ஹயாத்தாக இருந்தால் என்ன ஆகும்? அவருக்கும் ஆறில் ஒன்று, 4 பங்கு. 24 பங்குகளாகப் பிரித்தால் மனைவி 3, தாய் 4, தகப்பனார் 4, மகள்கள் 16. கூட்டினால் 27 வருகிறது. அப்போது மொத்தத்தையே 27 ஆகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் அதே 3, 4, 4, 16 என்று கொடுப்பார்கள். இதற்கு அவ்ல் என்று பெயர். மனைவியின் எட்டில் ஒன்று இங்கே ஒன்பதில் ஒன்றாகிவிடுகிறது. அலீ (ரழி) அவர்கள் மிம்பரில் நின்றிருந்தபோது ஒருவர் இதே மஸ்அலாவைக் கேட்டதாகவும், அவர்கள் நின்ற இடத்திலிருந்தே உடனே விடை சொன்னதாகவும் ஃபராயிள் நூல்களில் வருகிறது. அதனால் இந்தக் கணக்கிற்கு மிம்பரிய்யா என்றே பெயர். அவர்களின் அறிவு அப்படிப்பட்டது. அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். கேட்டவர் மனைவி, இரண்டு மகள்கள், தாய், தந்தை என்று எல்லோரையும் சொல்லிக் கேட்டார். கேள்வி முழுமையாக இருந்ததால்தான் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடிந்தது. யாரெல்லாம் இருந்தார்கள் என்பதை அவர் விட்டிருந்தால், பதிலுக்கு வந்திருக்க வேண்டியது இன்னொரு கேள்விதான்.

அப்படியானால் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுத வேண்டுமா? தேவையில்லை. நீளமான கடிதத்திலும் முக்கியமானது விடுபட்டிருக்கலாம். நான்கு வரியிலும் எல்லாம் இருக்கலாம். எது முக்கியம் என்று பார்க்க ஒரு சோதனை போதும்: "இந்த விவரம் மாறினால் பதில் மாறுமா?"

மூத்த மகள் வசதியாக இருக்கிறார், வாழ்க்கைப்பட்டுப் போய் 20 ஆண்டுகள் ஆகிவிட்டன. இதனால் அவர் பங்கு மாறுமா? மாறாது. கடைசிக் காலத்தில் தகப்பனாரைப் பார்த்துக்கொண்டது இளைய மகன். இதனால் பங்கு மாறுமா? மாறாது. வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, கடை எத்தனை சதுர அடி? பங்கின் வீதம் மாறாது. சொத்தின் மதிப்புகூட, ரூபாயாகச் சொல்லத்தான் தேவையே தவிர, எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் மகள்கள் இருவரா, மூவரா? மாறும். தாய் இருந்தாரா? மாறும். மனைவி கர்ப்பமாக இருக்கிறாரா? மாறும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் பங்கு உண்டு. அதைக் கேட்காமல் பிரித்துவிட்டால், பிறக்கும் முன்பே அந்தப் பிள்ளையின் ஹக் கைமாறிவிடும்.

ரூபாயாகக் கணக்கு வேண்டுமென்றால் இன்னொன்றும் தேவை. பிரிக்க வேண்டியது எவ்வளவு? கஃபன், தஃபன் செலவு போக, கடன் அடைத்தது போக, வஸிய்யத் இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் அதை நிறைவேற்றியது போக எஞ்சியதுதான் வாரிசுகளுக்கு. கடன் என்றால் வங்கிக் கடனும் கைமாற்றும் மட்டும்தான் பலருக்கு நினைவில் வரும். மனைவிக்குக் கொடுக்காமல் நின்றுபோன மஹரும் கடன்தான். அது அவருடைய எட்டில் ஒன்றுக்குள் அடங்காது. முதலில் அதைக் கொடுத்துவிட்டு, பிறகு மீதத்தில் எட்டில் ஒன்று கொடுக்க வேண்டும்.

சிலர் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழைக் காட்டி, "இதில் எல்லாம் இருக்கிறதே" என்பார்கள். அது அவசியமான ஆவணம்தான். கேள்வியோடு அதன் நகலைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். ஆனால் அதில் பெயர்கள் இருக்குமே தவிர, யாருக்கு எவ்வளவு என்று இருக்காது. மனைவி மக்கள் இருக்கும்போது மவ்த்தானவரின் சகோதரர் பெயர் பொதுவாக அதில் வராது. மகன் இல்லாத குடும்பத்தில் அந்தச் சகோதரருக்குப் பங்கு வரக்கூடும் என்பதை இப்போதுதான் பார்த்தோம். ஆகவே சான்றிதழ் கையில் இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எங்கள் மேசையில் நாங்கள் பின்பற்றும் முறையையும் சொல்லிவிடுகிறோம். என்ன வேண்டும் என்று தெளிவில்லாமல் வருபவரை நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை. உட்காரவைத்து, தெரிந்ததைக் கொண்டு தொடங்கி, போகப்போகக் கேட்டுக்கொள்கிறோம். துக்கத்தில் இருப்பவரிடம் "தெளிவாகக் கேளுங்கள்" என்று சொல்வது நியாயமில்லை. முக்கிய விவரம் இல்லாமல் வருபவரிடம் "விவரம் போதாது" என்றும் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் அவர் போய் இன்னும் இரண்டு பக்கம் சொத்து விவரம் எழுதிக்கொண்டு வருவார். தேவைப்பட்டது மட்டும் வராது. "மவ்த்தானவரின் தாய் அந்த நாளில் ஹயாத்தாக இருந்தார்களா?" என்று, விடுபட்ட அந்த ஒன்றையே பெயர் சொல்லிக் கேட்கிறோம். ஒரு தொலைபேசி அழைப்பில் விடை கிடைத்துவிடும்.

திங்கட்கிழமை பதிவு, பாட்டியைப் பற்றி உடனே விசாரிக்க முடியவில்லை என்று அவசரமாக வந்தால், தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்லலாம். மகன் ஒருவர் இருக்கிறார் என்பது உறுதியானால், மனைவிக்கு எட்டில் ஒன்று என்பது மாறாது. மகளுக்கு மகனில் பாதி என்பது மாறாது. சகோதரருக்குப் பங்கு வராது என்பதும் மாறாது. இவ்வளவையும் சொல்லி, "மகன், மகள்களின் ரூபாய்க் கணக்கை மட்டும் பாட்டியின் விவரம் வந்த பிறகுதான் சொல்ல முடியும்" என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். தாய் இருந்தால் இப்படி, இல்லையென்றால் அப்படி என்று இரண்டு கணக்கையும் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் எழுதிக் கொடுக்கக் கூடாது. பங்கு இவ்வளவு என்று ஒரு தொகை வீட்டுக்குள் போய்விட்டால், அதை நம்பி மகன் கடைக்கு முன்பணம் கொடுத்துவிடுவார், மகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். பிறகு வந்து "ஒருவர் விடுபட்டுவிட்டார்" என்று சொன்னால், அது கணக்கைத் திருத்துவதோடு நிற்காது. உறவுக்குள் சண்டையாகிவிடும்.

ஆகவே பங்கு கேட்டு வரும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள். மவ்த்தானவர் ஆணா, பெண்ணா, மவ்த்தான தேதி என்ன? அந்த நாளில் கணவர் அல்லது மனைவி இருந்தாரா? தாய், தகப்பன் இருந்தார்களா? மகன்கள் எத்தனை, மகள்கள் எத்தனை? மகன் இல்லையென்றால், உடன்பிறந்தவர்கள் யார் யார்? அதன் பிறகு, பிரிப்பதற்கு முன் வாரிசுகளில் யாராவது மவ்த்தாகியிருக்கிறார்களா, எப்போது? ரூபாயாகக் கணக்கு வேண்டுமென்றால், கடனும் மஹர் பாக்கியும் வஸிய்யத்தும் எவ்வளவு? இதில் ஒருவர் இல்லையென்றால் அந்த இடத்தை வெற்றாக விடாதீர்கள். "இல்லை" என்று எழுதுங்கள். வெற்றிடத்தைப் பார்த்தால், அப்படி ஒருவர் இல்லையா, எழுத மறந்தீர்களா என்று எங்களுக்குத் தெரியாது.

இதற்கு மேல் சிக்கலான நிலைகளும் உண்டு. பல ஆண்டுகளாகத் தகவல் இல்லாமல் போன மகன், இரண்டு திருமணத்துப் பிள்ளைகள், ஹயாத்தில் ஒரு பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த வீடு போன்றவற்றைக் கடிதத்தில் தீர்க்க முடியாது. நேரில் வந்து ஹழ்ரத்திடம் பேசுங்கள். நிலம், பத்திரம் சம்பந்தப்பட்டதற்கு ஒரு வழக்கறிஞரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரிசுப் பங்குகளை அல்லாஹ் சூரத்துந் நிஸாவில், முக்கியமாக 11, 12, 176 ஆகிய ஆயத்துகளில், வகுத்துத் தந்துவிட்டான். எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்ய வேண்டியதில்லை. யார் இருந்தார்கள் என்று உண்மையாகவும் முழுமையாகவும் சொல்வது மட்டும்தான் நம் பொறுப்பு. எந்தத் தாயுடைய, எந்தச் சகோதரியுடைய ஹக்கும் நம் தாளில் விடுபட்டுப் போகாமல் அல்லாஹ் காத்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.